பார்வையாளர் நேரம்

செங்கல்பட்டு தாண்டி
நெடுஞ்சாலை விட்டு உள்ளே திரும்பும் மண்பாதையில்
ஆட்டோ குலுங்கும்போதெல்லாம்
மடியிலிருக்கும் பையை இறுக்கிப் பிடிக்கிறேன்.
ஹார்லிக்ஸ் பாட்டில் உடைந்துவிடக் கூடாது.
வெறுங்கையோடு அந்த வாசலில் போய் நிற்க
எனக்குத் தைரியமில்லை.

பையில் ஆப்பிள் இருக்கிறது.
அம்மாவுக்கு மேல்வரிசையில் பல் இல்லை.
கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கிறது.
ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்தது.
மணம் பிடித்தாலே அவளுக்குப் போதும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்து வைத்தேன்.
ஒரு போர்வை இருக்கிறது.
இது சித்திரை மாதம்.

வாசலில் ஒரு நோட்டு.
பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க, என்ன உறவு.
எனக்கு மேல் வரியில் எழுதியவர்
உறவு என்ற இடத்தில் ‘நன்கொடையாளர்’ என்று எழுதியிருக்கிறார்.
நூலில் கட்டித் தொங்கும் அதே பேனாவால்
நான் ‘மகன்’ என்று எழுதுகிறேன்.
மாதக் கட்டண ரசீது சட்டைப்பையில் இருக்கிறது.

*

கூடத்தில் இன்று ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள்.
கரும்பலகையில்
‘இன்றைய மதிய உணவு உபயம்’ என்று எழுதி
குழந்தையின் பெயரை வண்ணச் சாக்பீஸில் எழுதியிருக்கிறார்கள்.
பத்து மணியிலிருந்தே
வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.
சாப்பாடு பன்னிரண்டரைக்குத்தான்.
ஜெயம்மா பாட்டிக்கு நடுவில் எழுந்து போக வேண்டும்.
கேட்கக் கூச்சப்பட்டு
முந்தானையைத் திருகிக்கொண்டே இருக்கிறார்.

கேக் வெட்டுகிறார்கள்.
கை தட்டச் சொன்னால் எல்லோரும் தட்டுகிறார்கள்.
சர்க்கரை உள்ளவர்களுக்கும் துண்டு வருகிறது.
குழந்தை அத்தனை புது முகங்களைப் பார்த்து வீறிட்டு அழ,
அதைத் தூக்கச் சொல்லி நீளும் கைகளில்
எத்தனை ஆசை,
எத்தனை நடுக்கம்.
ஒருவர் மடியிலும் குழந்தையை வைக்கவில்லை.
தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கச் சொல்லி
போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நல்ல மனிதர்கள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமையை இங்கே செலவிட வந்தவர்கள்.
அவர்களால்தான் இன்று பாயசம்.
அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது?
அமாவாசைக்கும் திதிக்கும் தீபாவளிக்கும்
அக்டோபர் 1 முதியோர் தினத்துக்கும்
இந்தக் கூடம் நிரம்பி வழிகிறது.
அன்றைக்கு மூன்று பேர் கொண்டுவந்த இனிப்பு மிஞ்சும்.
ஐப்பசி அடைமழையில் வரும் ஒரு வியாழக்கிழமைக்கு
யார் வருவார்?
நானும் வந்ததில்லை.

*

கட்டிலுக்கடியில் இருக்கிறது
நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது.
உறை பிரிக்காத போர்வைகள்.
ஒரே பூப்போட்ட நைட்டிகள்.
சென்னை வெயிலில் ஒரு ஸ்வெட்டர்.
கண்ணாடி போட்டும் படிக்க முடியாத
பொடி எழுத்துப் பக்திப் புத்தகங்கள்.
சோப்பு டப்பாக்கள், அதற்குள் சோப்பு இல்லை.
ஒவ்வொரு அறையிலும் சுவர்க் கடிகாரம்,
கடைப் பெயரோ கம்பெனிப் பெயரோ போட்டது.
அம்மாவின் அறையில் மட்டும் மூன்று.
இரண்டு ஓடுகின்றன.
அவற்றுக்கிடையே நாலு நிமிடம் வித்தியாசம்.
இத்தனை நேரத்தை வைத்துக்கொண்டு
இவர்கள் என்ன செய்வார்கள் என்று
கொடுத்தவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

என்ன தேவை என்று சிஸ்டரைக் கேட்டேன்.
முதலில் சிரித்து மழுப்பினார்.
“கொண்டு வர்றவங்ககிட்ட எப்படி சார் சொல்றது?”
பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.
பெரியவர்கள் போடும் டயபர், பெரிய சைஸில்.
படுக்கைப்புண்ணுக்குப் பவுடர்.
காதுமெஷினுக்குப் பொடி பேட்டரி,
அது தீர்ந்துபோய்
கணக்கு வாத்தியார் ஒரு மாதமாக
யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டுகிறார்.
நல்ல நகவெட்டி.
மூங்கில் பிரம்பு இல்லை, அடியில் ரப்பர் வைத்த ஊன்றுகோல்.
“இதையெல்லாம் கையில கொடுத்து
போட்டோ எடுத்துக்க முடியாது இல்ல சார்?”
அவர் குத்திப் பேசவில்லை.
அவருக்கு இருந்தது வருத்தம் மட்டும்தான்.

*

அம்மா பாத்ரூமில் விழுந்தாள்.
இடுப்பெலும்பு.
ஆபரேஷன் முடிந்து கூட்டிவந்தபோது
எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை.
நாற்காலியோடு நாலு பேர் தூக்கினோம்.
ஒவ்வொரு வளைவிலும்
“மெதுவாய்யா, உங்களுக்கு இடுப்பு பிடிச்சிரும்” என்று
எங்களுக்காகப் பயந்தாள்.
பார்த்துக்கொள்ள வந்த பெண் நின்றுபோனாள்.
இன்னொருத்தி வந்தாள், அவளும் நின்றாள்.
ஒருநாள் அலுவலகம் விட்டு வந்து கதவைத் திறந்தபோது
ஈரத்திலேயே மத்தியானத்திலிருந்து படுத்திருந்தாள்.
“இப்பத்தான்யா” என்றாள்.

சொந்தத்தில் எல்லோரும் மருமகளைச் சொல்கிறார்கள்.
கல்யாண வீடுகளில்
அவள் காதுபடவே சொல்கிறார்கள்.
அவள் என்னைப் பார்ப்பாள்.
நான் பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று பார்க்கப் போவேன்.
அம்மாவின் புண்ணைக் கழுவியது அவள்.
இந்த இடத்தை விசாரித்ததும்
முன்பணம் கட்டியதும் நான்.
“கொஞ்ச நாளைக்குத்தாம்மா” என்று சொன்ன வாயும் என் வாய்தான்.

2007ல் ஒரு சட்டம் வந்தது.
பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைமேல்
கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம்.
மாதம் 10,000 ரூபாய் வரை
வாங்கித்தர அதில் இடமிருக்கிறது.
நான் அதற்கு மேலேயே கட்டுகிறேன்.
ஒருநாளும் தவணை தவறியதில்லை.
எந்தக் கோட்டாட்சியரும் என்னைக் கூப்பிட மாட்டார்.
ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால்
அதை நினைத்துத்தான்
இன்னும் அதிகமாகப் பயப்படுகிறேன்.

*

தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள்.
சனிக்கிழமை சம்பளம்.
அன்று மட்டும் தெருமுனையில்
அவள் செருப்புச் சத்தம் கேட்கும் முன்பே
நானும் தம்பியும் திண்ணையில் இருப்போம்.
மருந்து வாடை அடிக்கும் கையில்
எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம்.
காராச்சேவு.
எனக்குக் காரம் தூக்கலாக இருக்கும் பெரிய துண்டு,
தம்பிக்கு நொறுங்கின தூள்.
என்ன வேண்டும் என்று எங்களை அவள் கேட்டதே இல்லை.
அவளுக்குத் தெரியும்.

எனக்குத் தெரியவில்லை.
அவளுக்குப் பிடித்தது என்ன என்று
துபாயிலிருந்து தம்பி கேட்டான்,
யாரிடமோ கொடுத்துவிட.
நான் யோசித்தேன்.
தட்டில் மிஞ்சியதைச் சாப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.
கருகின தோசை அவளுக்குப் பிடிக்கும் என்று
வெகுகாலம் நம்பியிருந்தேன்.
பேரீச்சம்பழம் அனுப்பச் சொன்னேன்.

“என்னம்மா வேணும்?” என்று
ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.
“ஒண்ணும் வேண்டாம்யா” என்கிறாள்.
அந்தப் பதில் வந்ததும்
நெஞ்சில் ஏதோ ஒன்று லேசாகிவிடுகிறது.
லேசாகக் கூடாது.
ஆனாலும் லேசாகிறது.

*

பேச ஆரம்பித்தால்
பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது.
பேத்தி பள்ளிக்கூடம்.
தண்ணீர் லாரி.
யார் கல்யாணம், யார் சாவு.
சாவைச் சொல்லலாமா என்று தயங்குவேன்,
அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.
பிறகு இரண்டு பேரும்
ஜன்னலில் காயும் துண்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.
அடுத்த கட்டில் அம்மா
“உங்க பையனா?” என்று கேட்பார்.
போன தடவையும் கேட்டார்.
அம்மா அலுக்காமல் “மூத்தவன்” என்பாள்.
அந்தக் கட்டில் அம்மாவுக்கு யாரும் வருவதில்லை.
என் ஆப்பிளில் ஒன்றை எடுத்து நீட்டுவேன்.
அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு
ஆப்பிளை வாங்காமல்
கையை மட்டும் பிடித்துக்கொண்டே இருப்பார்.
எப்படி விடுவிப்பது என்று தெரியாமல்
நான் அம்மாவைப் பார்ப்பேன்.
அம்மா வேறு பக்கம் பார்ப்பாள்.
அது அவள் செய்யும் தர்மம்.

பன்னிரண்டுக்கு மணி அடிப்பார்கள்.
பார்வையாளர் நேரம் முடிந்தது.
அந்த மணிக்கு நான் காத்திருக்கிறேன்.
எழுதவே கூசுகிறது,
காத்திருக்கிறேன்.
கொக்கியில் கிடக்கும் பையை எடுக்கும்போது
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல
கால் தானாக வாசலுக்குத் திரும்புகிறது.

*

கிளம்பும் முன் தலையணைக்கடியில் கைவிட்டு
பிஸ்கட் பாக்கெட்டுகள் எடுப்பாள்.
வந்தவர்கள் கொடுத்தது.
தின்னாமல் சேர்த்து வைத்தது.
“புள்ளைக்குக் குடு. ஆச்சி குடுத்தான்னு சொல்லிக் குடு.”
ஒன்றில் தேதி முடிந்து இரண்டு மாதமாகியிருக்கும்.
வீட்டில் பிரிட்ஜ் மேல் இருக்கின்றன அவை.
பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியவில்லை,
குப்பையில் போடவும் கை வரவில்லை.

*

இன்று மணி அடித்த பிறகுதான் கேட்டாள்.
நான் எழுந்து,
சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டு,
கதவருகே வந்துவிட்டேன்.
“எய்யா, ஒரு நிமிசம்.”

இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.
அடியில் மடித்து வைத்த ஜாக்கெட்டுகள், நாலு.
நீலம், அரக்கு, மாம்பழ மஞ்சள்,
அப்பா இருந்தபோது எடுத்த பச்சை.
“எல்லாம் லூசாப் போச்சு. தோள்ல நிக்க மாட்டேங்குது.
நைட்டி போடுன்னு இங்க சொல்றாக.
மேல துண்டப் போட்டுக்கிட்டு நாலு பேரு முன்னால நடக்க
எனக்குக் கூச்சமா இருக்குய்யா.”
எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.
வந்ததிலிருந்து.

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியே
அவள் என்முன் உட்கார்ந்திருந்தது
குளிருக்கு என்று நினைத்துத்தான்
போர்வை வாங்கினேன்.

நான் இதுவரை கொண்டுவந்ததெல்லாம்
கொடுத்துவிட்டுப் போய்விடலாம்.
இதைக் கொண்டுபோனால்
திரும்பக் கொண்டுவர வேண்டும்.
அளவு பார்க்க
அவள் உடம்பில் இருந்ததையே பிடித்துக் காட்டினாள்,
இரண்டு விரல் இந்தப் பக்கம்,
இரண்டு விரல் அந்தப் பக்கம்.
என் கையை எடுத்து அங்கே வைத்து
“இம்புட்டு” என்றாள்.
எலும்பு தட்டியது.

போர்வையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.
ஜாக்கெட்டுகளை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.
வாசல்வரை ஊன்றுகோலோடு வந்தாள்,
வரவேண்டாம் என்று சொல்லியும் வந்தாள்,
டெய்லரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே.

“கொக்கி முன்னால இருக்கட்டும்.
கையும் பிடிக்கணும், மறந்துராத.
துணிய வெட்டிறக் கூடாது, உள்ள விட்டுத் தைக்கச் சொல்லு.
நான் தேறிட்டேன்னா பிரிச்சு விட்டுக்கலாம்.
அடுத்த வாரம் கொண்டாந்துரு.
செவ்வாக்கிழம வேண்டாம்,
அன்னைக்கு டாக்டரு வருவாரு.
உங்கூடப் பேச நேரம் இருக்காது.”