வள்ளுவர் சிலை கணக்கு: எங்க நின்னா சிலை பெருசா தெரியும்?

மக்ளே, நீ அனுப்புன படத்த பாத்தேன், கோடெல்லாம் சுத்தமா வரச்சிருக்க, ஆனா கோணத்த எடுத்த இடத்துல தான் தப்பு நடந்திருக்கு. கேள்வி என்ன கேக்குன்னா பீடம் 38 அடி, அதுக்கு மேல சிலை 95 அடி, எவ்வளவு தூரத்துல நின்னா சிலை கண்ணுக்கு பெரிய கோணத்துல தெரியும்னு. சிலையோட தலை A, பாதம் B, பீடத்தோட அடி C, நம்ம கண்ணு P-ன்னா, நீ பீடத்தையும் சேத்து ∠APC எடுத்துட்ட. அது கிட்ட போக போக கூடிட்டே தான் போகும், அதனால தான் உனக்கு "அடியில போய் நிக்கணும்"னு விடை வந்திருக்கு. நமக்கு வேண்டியது ∠APB.

படத்த மறுபடி வரை. ஒரு சென்டிமீட்டர் 10 அடின்னு வச்சுக்க. நேரா ஒரு செங்குத்து கோடு, அடியில C, 3.8ல B (வள்ளுவர் பாதம்), 13.3ல A (தலை). 38 அறத்துப்பால் அதிகாரத்துக்கு, மிச்சம் 95 பொருளும் இன்பமும், மொத்தம் 133, அதனால அளவு மறக்காது. C வழியா ஒரு கிடைக்கோடு போடு, நம்ம கண்ணு அதுல எங்கயோ P-ல இருக்கு, கண் உயரத்த இப்போதைக்கு விட்டுருவோம்.

போட்டுல வரும்போது யோசிச்சு பாரு, தூரத்துல சிலை சின்னதா தான் இருக்கும். பீடத்துக்கு ஒட்டி நின்னு அண்ணாந்து பாத்தாலும் PA, PB ரெண்டு கோடும் கிட்டத்தட்ட ஒண்ணா ஆயிரும், கோணம் ஒண்ணுமில்லாம போகும். அப்போ நடுவுல ஒரு இடம் இருக்கணும்லா, அத கண்டுபிடிக்க தான் வட்டம்.

A, B ரெண்டு வழியாவும் போயி கிடைக்கோட்ட தொட மட்டும் செய்ற ஒரு வட்டம் வரை. தொடுற புள்ளி தான் P, அது தான் விடை. ஏன்னு கேட்டா இங்க தான் கணக்கோட உயிரே இருக்கு, மெதுவா படி. கிடைக்கோட்டுல P-ய தவிர வேற எந்த Q எடுத்தாலும் அது வட்டத்துக்கு வெளிய தான் கெடக்கும், ஏன்னா அந்த கோடு தொடுகோடு. இப்போ QA-ய சேத்தா அது வட்டத்த R-ல வெட்டும். R-உம் P-உம் ஒரே வட்டத்துண்டுல இருக்கு, அதனால ∠ARB = ∠APB. ஆனா முக்கோணம் RQB-ல ∠ARB வெளிக்கோணம், வெளிக்கோணம் உள்ள இருக்குற எதிர்க்கோணத்த விட பெருசு, அதனால ∠AQB கண்டிப்பா சின்னது. Q கிட்ட இருந்தாலும் சரி தூர இருந்தாலும் சரி இதே வாதம் தான், வகையிடலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இது. 1471லயே ரெஜியோமொண்டானஸ்னு ஒரு ஜெர்மன் கணித அறிஞர் இதே மாதிரி கேள்விய கேட்டிருக்காரு.

இனி தூரம். முக்கோணம் CPB-உம் CAP-உம் வடிவொத்தவை: C பொது, ∠CPB = ∠PAB (மாற்று வட்டத்துண்டு தேற்றம், நீ படிச்சது தான்). அப்போ

CP/CA = CB/CP
CP² = 38 × 133 = 5054
CP ≈ 71.09 அடி

71-ன் வர்க்கம் 5041, அதனால 71க்கு கொஞ்சம் மேலன்னு மனசுலயே சரி பாத்துக்கலாம்.

கோணமும் கேட்டிருக்கான்லா, அதுக்கு மையம் O எடு. OP தொடுகோட்டுக்கு செங்குத்து, அதனால ஆரம்னா O-வோட உயரம் தான். O இருக்குறது AB-யோட மையக்குத்துக்கோட்டுல, உயரம் 38 + 47.5 = 85.5. AB-யோட நடுப்புள்ளி M-னா, மையக்கோணத்துல பாதி ∠AOM, அது ∠APB-க்கு சமம்:

sin ∠APB = 47.5/85.5 = 5/9

34 டிகிரிக்கு லேசா கம்மி. 20 அடியில நின்னா சுமார் 19 டிகிரி, 200 அடியில சுமார் 23 தான், நானே போட்டு பாத்தேன்.

நீ கடைசில "நம்ம கண்ணு தரையிலயா இருக்கு"ன்னு கேட்டியே, அது சரியான கேள்வி. கண்ணு 5 அடி உயரத்துலன்னா பீடத்துல 33 அடி தான் கண்ணுக்கு மேல இருக்கும், சிலையோட தலை 128. 33 × 128 = 4224, 65-ன் வர்க்கம் 4225, அப்போ கிட்டத்தட்ட 65 அடி. ஆறு அடி முன்னால வரணும். இந்த ரெண்டாவது வட்டத்தையும் அதே படத்துல வேற கலர்ல வரச்சு நாளைக்கு காலைல அனுப்பு.