முதல் முடிச்சு

விடிகாலை அஞ்சு மணிக்கே கம்பத்தில் ஜீப் நின்றது. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் சோத்துத் தூக்கோடு இடித்துக்கொண்டு ஏறினார்கள். எனக்கு அன்றுதான் முதல் நாள்.

படிப்பக்கம் கங்காணியம்மா நின்றிருந்தாள். அவள் கையில் முழ நீளச் சணல் கயிறு. யாரும் ஏறுவதற்கு முன்பே அதில் ஒரு முடிச்சு இருந்தது. அப்புறம் ஒருத்தி ஏற ஒரு முடிச்சு. என் முறை வந்ததும் முகத்தைப் பார்த்தாள், கட்டைவிரலால் அழுத்தி இறுக்கினாள். பெயர்கூடக் கேட்கவில்லை.

கம்பம்மெட்டு ஏறி, மலையாளப் பக்கத்துத் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து, நகக்கண்ணெல்லாம் ஏலக்காய் வாசத்தோடு இருட்டும் நேரத்தில் திரும்பினோம். ஒவ்வொருத்தி இறங்கும்போதும் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. ஈரத்தில் இறுகிப்போனதைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

கடைசியாக நான் இறங்கினேன். என் முடிச்சும் போயிற்று. முதல் முடிச்சு மட்டும் அப்படியே இருந்தது. கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

“அது யாருக்குங்க பெரியம்மா?”

“அவ இன்னும் இறங்கல, தாயி.”