உணவுப் பகுப்பாய்வு: வினா 4 (25 புள்ளிகள்)

வெருகல் பக்கத்துக் காட்டுத்தேன் என்று இரண்டு போத்தல்கள் திருகோணமலைச் சந்தைக்கு வந்தன. கடைக்காரர் முதற்போத்தலின் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டார். அது கரையாமல் அடியில் தங்கியது. இரண்டாவதில் தோய்த்த தீக்குச்சி பற்றவில்லை. முதலாவது சுத்தமானது, இரண்டாவது கலப்படம் என்று சொல்லி, இரண்டாவதற்குப் பாதி விலையே தரச் சம்மதித்தார்.

ஆய்வுகூடத்தில் 30 °C வெப்பநிலையில் கிடைத்த அளவீடுகள்:

போத்தல் 1: முறிவுச்சுட்டி 1.4920, பிரக்டோசும் குளுக்கோசும் சேர்ந்து 100 கிராமில் 64 கிராம், சுக்குரோசு 12 கிராம்.
போத்தல் 2: முறிவுச்சுட்டி 1.4850, பிரக்டோசும் குளுக்கோசும் 70 கிராம், சுக்குரோசு 2 கிராம்.

20 °C இல் முறிவுச்சுட்டி 1.4966 எனில் நீர் 16.0%, 1.4940 எனில் 17.0%, 1.4890 எனில் 19.0%, 1.4865 எனில் 20.0%. வெப்பநிலை 20 °C ஐ விடக் கூடும் ஒவ்வொரு பாகைக்கும் வாசிப்புடன் 0.00023 ஐக் கூட்டுக.

(அ) தேனின் பிரதான கூறுகளைக் கூறுக. நீர் 20% ஐத் தாண்டலாகாது என்று கோடெக்ஸ் நியமம் வரையறுப்பது ஏன்? (6)
(ஆ) இரு போத்தல்களின் நீரளவையும் கணிக்க. (8)
(இ) கடைக்காரரின் தீர்ப்பு சரியா? அவருடைய இரு சோதனைகளும் உண்மையில் எதைக் காட்டுகின்றன? (8)
(ஈ) மூன்று மாதங்களின் பின் இரண்டாம் போத்தலின் அடியில் மணல்போல உறைந்திருந்தது. இது கலப்படத்துக்குச் சான்றா? (3)

புள்ளியிடுவோருக்கு

(அ) பிரக்டோசு ஏறத்தாழ 38%, குளுக்கோசு 31%, நீர் 17%. மீதி மோல்ற்றோசு, பிற சீனிகள், அமிலங்கள், நொதியங்கள், கனியுப்புகள். நீர் கூடினால் சீனிச் செறிவைத் தாங்கும் மதுவங்கள் பெருகி, தேன் நொதித்துப் புளிக்கும்.

(ஆ) திருத்தம் 10 × 0.00023 = 0.0023. முதலாவது 1.4943, நீர் 16.9%. இரண்டாவது 1.4873, நீர் 19.7%. திருத்தம் செய்யாத மாணவருக்கு இரண்டாவது 20.6% ஆகி, நல்ல தேன் எல்லையைத் தாண்டிவிடும். எங்கள் ஊர் வெக்கையில் இந்தத் தவறு ஒருவரின் உழைப்பையே வீணாக்கும். ஆகையால் திருத்தத்துக்கு மட்டும் 4 புள்ளிகள்.

(இ) தீர்ப்பு தலைகீழானது. முதலாவதில் சுக்குரோசு 5 கிராம் எல்லையைக் கடந்துவிட்டது; இரண்டாவது எல்லா எல்லைகளுக்குள்ளும் இருக்கிறது. துளி சோதிப்பது தடிப்பையும் அடர்த்தியையும்தான். கெட்டியான சீனிப்பாகும் அப்படியே அடியில் தங்கும். தீக்குச்சி காட்டுவது ஈரத்தை மட்டுமே. முதலாவதை விற்றவர் சீனி கலந்தார் என்று எழுதினால் முழுப்புள்ளி வழங்க வேண்டாம்: தேனீக்களுக்குச் சீனிப்பாகு ஊட்டினாலும், முதிராத தேனை எடுத்தாலும் சுக்குரோசு உயரும். நியமத்துக்கு அமையவில்லை என்பதே இவ்வெண் சொல்வது.

(ஈ) இல்லை. உறைந்தது குளுக்கோசு, தூய தேனிலும் இயல்பாகவே நிகழும்.