ப்ரொபோசலுக்கான சோர்ஸ் குறிப்புகள்: திரும்பப் படிக்கறதா, பாக்காம எழுதிப் பாக்கறதா?

ரோடிகர், கார்ப்பிக்கி (2006), ‘சைக்கலாஜிகல் சயின்ஸ்’ ஜர்னல். நம்ம ப்ரொபோசலுக்கு முதுகெலும்பே இதுதான். காலேஜ் பசங்கள ஒரு பத்தியத் திரும்பப் படிக்க வெச்சு, இன்னொன்ன பாக்காம எழுதச் சொல்லிருக்காங்க, 5 நிமிஷத்துல கேட்டா திரும்பப் படிச்சது முந்துது, 2 நாளோ 1 வாரமோ கழிச்சு கேட்டா அப்படியே தலைகீழ். ஆனா எல்லாம் சின்னச் சின்ன உரைநடை, கணக்குக்கும் இதே கதைதான்னு இத மட்டும் வெச்சு சொல்ல முடியாது, நம்ம ஆய்வுக்கு இடமே அங்கதான்.

டன்லாஸ்கி குழு (2013). 10 படிக்கிற முறைகள அலசின ரிவ்யூ. சுயமா டெஸ்ட் எழுதறதுக்கு நல்ல மார்க், ஹைலைட் பண்றதுக்கு கம்மி (பாவம் ஹைலைட்டர்). புது டேட்டா கெடையாது, பின்னணிக்கு மட்டும் போதும்.

எபிங்ஹவுஸ் (1885). ஞாபகமும் மறதியும் எப்படின்னு தன்னையே வெச்சு சோதிச்ச ஆளு, வரலாற்றுக்கு ஒரு வரி.