எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம்: எண்ணுதலும் நிகழ்தகவும்

கணக்கைப் படித்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வரிசை மாறினால் அது வேறு விடையா? 9 பேரில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்றால் ஆம்; 9P3 = 504. வெறும் 3 பேர் குழு என்றால் இல்லை; 9C3 = 84.

அடுத்து, திரும்ப வரலாமா? 5 வெவ்வேறு கடிதங்களை 3 தபால் பெட்டிகளில் போட 3⁵ = 243 வழிகள். 5³ என்று எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் 3 பெட்டி வாய்ப்பு இருக்கிறது, அதனால் அடியில் 3. கடிதங்களுக்குப் பதில் ஒரே மாதிரியான 10 லட்டுகளை 4 பேருக்குப் பகிர்வதென்றால் கதை வேறு: 13C3 = 286. ஆளுக்கு ஒன்றாவது கிடைக்க வேண்டுமென்றால் 9C3 = 84.

1, 1, 2, 2, 2, 3 போல இலக்கங்கள் திரும்ப வந்தால் 6!/(2!·3!) = 60. வட்ட மேசைக்கு (n−1)!; புரட்டிப் போடக்கூடிய மாலைக்கு அதில் பாதி.

'குறைந்தது ஒருவர்' என்று பார்த்தால் மொத்தத்தில் இருந்து கழியுங்கள். 5 ஆண்கள், 4 பெண்களில் 3 பேர் குழு, குறைந்தது ஒரு பெண்: 84 − 5C3 = 74. ஒரு பெண்ணை முதலில் எடுத்துவிட்டு மீதி 8 பேரில் இருவரை எடுத்தால் 4 × 28 = 112 வரும். மொத்தக் குழுக்களே 84 தானே! இரு பெண்கள் உள்ள குழு இரண்டு முறையும், மூவர் உள்ளது மூன்று முறையும் எண்ணப்பட்டுவிட்டன. தேர்வில் இந்த 112 ஒரு விருப்பமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொரு பொறி, 'சேர்ந்து அமரக்கூடாது'. 5 ஆண்கள், 3 பெண்கள் ஒரே வரிசையில். எந்த இரு பெண்களும் அடுத்தடுத்து வரக்கூடாது என்றால் ஆண்களை உட்கார வைத்து, 6 இடைவெளிகளில் பெண்களை வையுங்கள்: 5! × 6P3 = 14,400. மூவரும் ஒரே தொகுதியாக வரக்கூடாது என்று மட்டும் சொன்னால் 8! − 6!·3! = 36,000.

சரி, நிகழ்தகவுக்கு வருவோம். 5 சிவப்பு, 3 நீலப் பந்துகள்; இரண்டும் சிவப்பாக வர, எடுத்ததைத் திரும்ப வைத்தால் 25/64, வைக்காவிட்டால் 5/8 × 4/7 = 5/14. 'அல்லது' என்றால் கூட்டல். இரண்டும் சேர்ந்து நிகழக்கூடுமானால் பொதுப்பகுதியை ஒருமுறை கழிக்க வேண்டும்.

விளைவைச் சொல்லிவிட்டுக் காரணத்தைக் கேட்டால் பேயிஸ். முதல் இயந்திரம் 60% உற்பத்தி, அதில் 2% பழுது. இரண்டாவது 40%, 5% பழுது. பழுதான பொருள் முதல் இயந்திரத்தினுடையதாக இருக்க 0.012/(0.012 + 0.020) = 3/8.

ஒரே சோதனை பலமுறை என்றால் ஈருறுப்புப் பரவல். நாணயத்தை 5 முறை சுண்டி சரியாக 3 தலை: 5C3/32 = 5/16. ஆனால் 'மூன்றாவது தலை ஐந்தாவது சுண்டலில்' என்றால் கடைசி இடம் தலைக்கென்று உறுதி. முதல் நான்கில் 2 தலை போதும். 4C2/32 = 3/16.