மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950: தேர்வுக்கான சரிபார்ப்புப் பட்டியல்

பெஸ்தாரி ஜெயா ஞாயிறு படிப்புக் குழுவுக்காக எழுதியது. எந்தக் கேள்வி வந்தாலும் இந்த வரிசையை விடாதீர்கள்: ஒப்பந்தம் உருவானதா, அதில் குறை உண்டா, பரிகாரம் என்ன. கதையில் ஒருவர் ஏமாற்றப்பட்டதைப் படித்ததும் நேரே இழப்பீட்டுக்குத் தாவுகிறோம். மதிப்பெண் அங்கேதான் போகிறது.

1. உருவானதா?

☐ முன்மொழிவும் ஏற்பும் (பிரிவுகள் 2 முதல் 9). கடையில் விலை எழுதி வைப்பது முன்மொழிவு ஆகாது. வாங்க வருமாறு அழைப்பு மட்டுமே. ஏற்பு நிபந்தனையின்றி இருக்க வேண்டும் (பிரிவு 7). பழைய டிராக்டருக்கு 18,000 ரிங்கிட் கேட்கிறார் உரிமையாளர். "16,500 தருகிறேன்" என்கிறார் வாங்குபவர். முதல் முன்மொழிவு அத்தோடு முடிந்தது. மறுநாள் 18,000 ரிங்கிட்டோடு வந்து நின்றாலும் விற்றே ஆக வேண்டும் என்று வற்புறுத்த முடியாது.

☐ தபால் வழி ஏற்பு (பிரிவு 4). இக்னேஷியஸ் எதிர் பெல் (1913) நம் பக்கத்து வழக்கு, மறக்கவே கூடாது. நிலத்தை வாங்கும் விருப்புரிமையை 1912 ஆகஸ்டு 20-க்குள் பயன்படுத்த வேண்டும். 16-ஆம் தேதியே கிள்ளானில் பதிவுத் தபால் போடப்பட்டது. பெறுபவர் ஊரில் இல்லாததால் கடிதம் கோல சிலாங்கூர் தபால் நிலையத்தில் 25 வரை கிடந்தது. ஏற்பு செல்லும் என்றது நீதிமன்றம்: தபாலில் சேர்ந்த கணமே முன்மொழிந்தவர் கட்டுப்படுகிறார். ஏற்றவரோ, கடிதம் போய்ச் சேர்ந்த பிறகே கட்டுப்படுகிறார். இந்த இரண்டாம் பாதியையும் எழுதுங்கள்.

☐ மறுபயன், அதாவது ஒரு வாக்குக்கு ஈடாகத் தருவது அல்லது செய்வது (பிரிவு 26). பக்கத்து வீட்டுக் கூரையை ஒருவர் தாமாக முன்வந்து சரிசெய்தார். பிறகு வீட்டுக்காரர் 300 ரிங்கிட் தருவதாக வாக்களித்தார். ஆங்கிலச் சட்டத்தில் கடந்தகால மறுபயன் பொதுவாகச் செல்லாது. நம் சட்டத்தில் இந்த வாக்கு கட்டுப்படுத்தும்.

☐ தகுதி (பிரிவு 11). வயது 18, தெளிந்த மனம். 17 வயதுப் பையன் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கினால் அந்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது.

☐ சட்ட உறவு ஏற்படுத்தும் எண்ணம், தெளிவான நிபந்தனைகள் (பிரிவு 30).

2. குறை உண்டா?

பரிகாரத்தை நிர்ணயிப்பது இந்தப் படிதான். "செல்லாதது" என்றால் தொடக்கம் முதலே ஒப்பந்தம் இல்லை. "ரத்து செய்யத்தக்கது" என்றால் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் தொடரலாம், விரும்பாவிட்டால் விலகலாம்.

ரத்து செய்யத்தக்கவை: வற்புறுத்தல் (15), தகாத செல்வாக்கு (16), மோசடி (17), தவறான கூற்று (18).

மலாய் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி. "வீட்டு வரி பாரம்தான், கையெழுத்துப் போடுங்கள் பாட்டி" என்கிறார் தரகர். தாளில் இருப்பதோ நில விற்பனை. இது மோசடி. கையெழுத்துப் போட்டுவிட்டாரே, இனி என்ன செய்வது என்று இருந்துவிடக் கூடாது. பிரிவு 19 அவருக்கு விலகும் உரிமை தருகிறது. ஆனால் வெறும் தவறான கூற்றாகவோ மௌனத்தால் நடந்த மோசடியாகவோ இருந்து, சாதாரணக் கவனத்தில் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் அந்த உரிமை இல்லை.

செல்லாதவை: இரு தரப்பும் முக்கிய உண்மையில் தவறியது (21), சட்டவிரோத நோக்கம் (24), தொழில் தடை (28), பந்தயம் (31). பட்டறை ஊழியர் வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகள் ஊரில் பட்டறை திறக்கக் கூடாது என்ற நிபந்தனை, நியாயமாகத் தோன்றினாலும் செல்லாது. ரிக்கிள்ஸ்வொர்த் எதிர் வில்சன் அந்தோணி (1964) வழக்கில், கோத்தா பாருவிலிருந்து ஐந்து மைலுக்குள் தொழில் செய்யக் கூடாது என்று ஒரு வழக்கறிஞருக்கு விதித்த தடையும் இப்படித்தான் விழுந்தது.

3. பரிகாரம்

☐ இழப்பீடு (74). திங்கள் காலை செம்பனைக் குலைகளை ஏற்ற லாரி வர வேண்டும், வரவில்லை. வெட்டிய குலை நாள்பட்டால் எண்ணெயின் தரம் கெடும், ஆலை விலையைக் குறைக்கும். லாரிக்காரருக்கும் இது தெரிந்ததே. ஆகவே அந்த நட்டம் அவர் தலையில். ஆனால் பக்கத்தில் வேறு லாரி கிடைத்தும் சிறுதோட்டக்காரர் சும்மா இருந்தால், தவிர்த்திருக்கக்கூடிய பகுதிக்கு இழப்பீடு கேட்க முடியாது.

☐ மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் முன்கூட்டியே குறித்த தொகை (75). நியாயமான அளவே கிடைக்கும்; குறித்த தொகையே உச்சவரம்பு. கியூபிக் எலெக்ட்ரானிக்ஸ் (2018) வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், தொகை நியாயமற்றது என்று காட்டும் சுமையை ஒப்பந்தத்தை மீறியவர்மீது வைத்தது. பழைய குறிப்புகளில் செல்வகுமார் (1995) வழக்கு மட்டும் இருந்தால் இதையும் சேருங்கள்.

☐ பெற்றதைத் திருப்பித் தருதல் (66): ஒப்பந்தம் செல்லாது என்று தெரியவந்ததும் முன்பணம் திரும்ப வேண்டும்.

☐ குறித்தபடி நிறைவேற்றும் ஆணை. நிலத்துக்கு எளிதில் கிடைக்கும், ஏனெனில் பணம் அதற்கு ஈடாகாது என்பதே சட்டத்தின் அனுமானம். ஒருவரைக் கட்டாயமாக வேலை செய்ய வைக்க இது கிடைக்காது.

☐ காலவரம்பு: தீபகற்பத்தில் மீறல் நடந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் (காலவரம்புச் சட்டம் 1953). கேள்வியில் தேதி கொடுத்திருந்தால் அது வீணாகக் கொடுக்கப்பட்டதல்ல, முதலில் கணக்கிடுங்கள்.