பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர வார்டன் மேடத்திடம் கேட்கும் செய்தி (அக்கா திருத்தியது)

பாப்பா, நீ எழுதினதைப் படிச்சேன். நல்லவேளை, மேடத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பினே. நீ எழுதினது இது:

"ஹாய் மேடம், ரூம் 214 யாழினி. பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். 13 சாயங்காலமே கிளம்பணும். 14 கிளாஸ் இருக்கு, என்னால வர முடியாது. அக்காவுக்குத் தலைப்பொங்கல், நான் கட்டாயம் இருக்கணும். நீங்க பர்மிஷன் குடுத்தே ஆகணும் ப்ளீஸ். வேணும்னா அப்பாகிட்ட பேசிக்கலாம். 18 நைட் வந்துடுவேன், லேட் ஆகலாம். சீக்கிரம் ரிப்ளை பண்ணுங்க."

"போறேன்"னு முடிவையே சொல்லிட்டா அப்புறம் அனுமதி எதுக்கு? வீட்டுல அந்தச் சொல்லைச் சொன்னாலே அம்மா "போயிட்டு வரேன்னு சொல்லு"ன்னு திருத்துவாங்க. "போய்வர"ன்னு மாத்தியிருக்கேன். திரும்பி வருவேங்கிற உறுதியும் அதுக்குள்ள இருக்கு, வார்டனுக்கு வேண்டியதும் அதுதான்.

மூணு "ணும்" இருக்கு. "நான் இருக்கணும்"ங்கிறது உன் ஆசை, அதுல தப்பில்லை. "நீங்க குடுத்தே ஆகணும்"ங்கிறது கட்டளை. பக்கத்துல ப்ளீஸ் போட்டாலும் கட்டளை கட்டளைதான். "தர வேண்டும்" அதட்டல், "தர வேண்டுகிறேன்" கேட்டுக்கிறது. ஒரே வேர்தான், விகுதி மாறினா தொனியே மாறிடுது பாரு.

"வர முடியாது"ங்கிறதும் மறுப்பு மாதிரி இருக்கு. "இயலாது"ன்னு மாத்தினாலும் அதே மறுப்புதான். டியூட்டர்கிட்ட லீவ் லெட்டர் குடுத்துட்டேன்னு நேத்து சொன்னியே, அதை எழுதினாப் போதும்.

"லாம்" ரெண்டு இடத்துல. "அப்பாகிட்ட பேசிக்கலாம்"னா மேடத்துக்கு நீ அனுமதி குடுக்கிற மாதிரி ஆகுது. "லேட் ஆகலாம்"னா அன்னிக்கு ராத்திரி கேட்டைப் பார்த்துக்கிட்டு அவங்க உட்கார்ந்திருக்கணும். நேரத்தைக் குறிச்சுச் சொல்லு. "லாமா"ன்னு நீ கேட்கிற இடத்துல மட்டும் அது இருக்கட்டும், அங்கே அது பணிவு. "போக முடியுமா"ன்னு கேட்காதே. போக உனக்கு முடியும், விடுறதுதான் அவங்க கையில இருக்கு.

அப்பாவே வந்து கூட்டிட்டுப் போறார்ங்கிறதை ஏன் விட்டுட்டே? மேடம் முதல்ல கேட்கப்போறதே அதைத்தான்.

"தாங்கள்" போட்டுப் பார்த்தேன், எடுத்துட்டேன். தினமும் மெஸ்ஸுல பார்க்கிறவங்ககிட்ட போன்ல அது ஒட்டலை. "நீங்கள்" போதும், அதுல மரியாதை குறையலை.

கடைசியில மாற்று வழி ஒண்ணு சேர்த்திருக்கேன். 14 காலையில கிளம்பினா சீர் எடுத்துட்டு வரும்போது நீ இருக்க மாட்டே. எனக்கும் வருத்தம்தான், பித்தளைப் பானையை நீதான் தூக்கிட்டு வரணும்னு நினைச்சிருந்தேன். ஆனா முழுசா மறுக்காம பாதி விட அவங்களுக்கும் ஒரு வழி வேணும். அப்படி ஆனா காணும் பொங்கலுக்கு இங்கே வந்துடு.

இதை அப்படியே அனுப்பு. ராத்திரி வேண்டாம், நாளைக்குக் காலையில டிபன் முடிஞ்ச பிறகு:

"வணக்கம் மேடம். நான் இரண்டாம் ஆண்டு யாழினி, அறை எண் 214. பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர உங்கள் அனுமதியை வேண்டி எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு இது தலைப்பொங்கல். ஜனவரி 14 புதன்கிழமை காலை அம்மாவும் அப்பாவும் திருவையாற்றில் அக்கா வீட்டுக்குச் சீர் கொண்டு போகிறார்கள். நானும் உடன் இருக்க விரும்புகிறேன். அதனால் 13 செவ்வாய் மாலை வகுப்பு முடிந்ததும் கிளம்பலாமா மேடம்? அப்பா விடுதிக்கு நேரில் வந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு என்னை அழைத்துப் போவார். சிங்காநல்லூரிலிருந்து பேருந்தில் செல்வோம். 14ஆம் தேதி வகுப்புக்கு டியூட்டரிடம் விடுப்புக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

18 ஞாயிறு மாலை 7 மணிக்குள் விடுதிக்கு வந்துவிடுவேன். அப்பாவே கொண்டுவந்து விடுவார். வழியில் தாமதமானால் உடனே உங்களுக்குத் தெரிவிக்கிறேன்.

அப்பா உங்களிடம் பேச விரும்புகிறார். எந்த நேரத்தில் அழைத்தால் உங்களுக்கு வசதி என்று சொன்னால் அவரிடம் சொல்கிறேன். 13 மாலை கிளம்புவது சரிப்படாது என்றால், 14 காலை புறப்பட அனுமதிப்பீர்களா? சனிக்கிழமைக்குள் தெரிந்தால் பேருந்தில் இடம் பதிவு செய்ய உதவியாக இருக்கும்.

உங்களுக்கும் வீட்டில் எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள் மேடம்.

நன்றியுடன்,
யாழினி"